வட்டிச் சான்றிதழை வாங்கியதும் பாஸ் புத்தகத்தைத் திறக்க வேண்டும்

மண்டியில் மஞ்சள் மூட்டை எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் நகரும் விவசாயி கொங்கு நாட்டில் அநேகமாக இல்லை. எடைச்சீட்டில் எழுதியதைத் தன் சிட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அரைக் கிலோ குறைந்தாலும் கேட்டு வாங்கிவிடுவார். அதே விவசாயி ஏப்ரல் மாதத்தில் வங்கிக்குச் சென்று வட்டிச் சான்றிதழ் வாங்கும்போது, அதிலுள்ள எண்களை ஒருமுறை கூடப் படிப்பதில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்து நேரே ஆடிட்டரிடம் கொடுத்துவிடுகிறார். ஆடிட்டர் தம் கைக்கு வந்த தாளை மட்டுமே பார்க்க இயலும். வராத டெபாசிட்டைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் உழவர் சந்தையைச் சுற்றிலும் வங்கிக் கிளைகள் நிறைய உள்ளன. தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் விவசாயிகள் பலர் இங்கேயே கணக்கு வைத்துள்ளனர். தோட்டம் ஊரிலும் வீடு நகரிலுமாக இருப்பவர்களும் உண்டு. இவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "விவசாய வருமானத்துக்குத்தான் வரி இல்லையே, வங்கி வட்டிக் கணக்கு எதற்குங்க?" என்பதாகும். இந்த எண்ணம் தவறு.

வட்டி விவசாய வருமானம் ஆகாது

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும், 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விவசாய வருமானத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் மஞ்சள் விற்ற பணத்தை வங்கியில் டெபாசிட் செய்து அதற்கு வட்டி வந்தால், அந்த வட்டி விவசாய வருமானம் அல்ல. முதல் மஞ்சளில் வந்ததாக இருக்கலாம். வட்டியோ வங்கியில் வந்தது. அதைக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும்.

இதில் விவசாயிக்கு மட்டும் உரிய இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வீட்டு வாடகை, வட்டி போன்ற பிற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் ரூ.5,000க்கு மேல் இருக்குமானால், பிற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று கணக்கிடும்போது விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆகவே விடுபட்டுப்போன வட்டி சிறு தொகையாக இருந்தாலும், வரம்பின் அருகே நிற்பவருக்கு அது அந்தத் தொகையோடு நின்றுவிடுவதில்லை.

வரிப் பிடித்தம் செய்யவில்லை என்றால் வரி இல்லை என்று நினைப்பதும் தவறு. 2025 மார்ச் வரை ஒரு வங்கியில் ஓராண்டு டெபாசிட் வட்டி ரூ.40,000ஐத் தாண்டினால்தான் பிடித்தம். 60 வயது நிறைந்தவர்களுக்கு ரூ.50,000. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இவை ரூ.50,000 என்றும் ரூ.1,00,000 என்றும் உயர்த்தப்பட்டன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைத்த டெபாசிட்டுக்குப் பிடித்தமே கிடையாது. ஆனால் பிடித்தம் செய்வதற்குத்தான் இந்த வரம்பு. வட்டியைக் கணக்கில் காட்டுவதற்கு அல்ல. பிடித்தம் இல்லாத வட்டியையும் வங்கிகள் வரித் துறைக்குத் தெரிவிக்கின்றன. 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வரித் துறையின் இணையதளத்தில் ஒவ்வொருவர் பான் எண்ணின் கீழும் ஆண்டுத் தகவல் அறிக்கை கிடைக்கிறது. விவசாயி காட்டும் தொகையும் அந்த அறிக்கையும் வேறுபட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

தொண்டாமுத்தூரில் தோட்டமும் ஆர்.எஸ்.புரத்தில் வாடகைக்கு விட்ட வீடும் உள்ள 58 வயது விவசாயி ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே வங்கிக் கிளையில் அவருக்கு ஒரு சேமிப்புக் கணக்கும் இரண்டு டெபாசிட்டுகளும் இருக்கின்றன. 2024-25 நிதியாண்டுக்கு, அதாவது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, அவர் வட்டிச் சான்றிதழ் வாங்குகிறார்.

சேமிப்புக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக நான்கு வட்டி வரவுகள்: ரூ.412, ரூ.388, ரூ.455, ரூ.431. மொத்தம் ரூ.1,686.

முதல் டெபாசிட் ரூ.4 லட்சம், 7 சதவீத வட்டி. 2024 மே 10ஆம் தேதி போட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ.7,000 வட்டி சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். ஆகஸ்டு 10, நவம்பர் 10, பிப்ரவரி 10 ஆகிய மூன்று தேதிகளில் வந்த தொகை ரூ.21,000.

இரண்டாவது டெபாசிட் ரூ.2 லட்சம், ஆறரை சதவீதம். இது வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் மறுமுதலீட்டு டெபாசிட். 2023 செப்டம்பர் 16ஆம் தேதி போட்டு, 2024 செப்டம்பர் 16ஆம் தேதி முதிர்ந்தது. அன்று பாஸ் புத்தகத்தில் ரூ.2,13,320 ஒரே வரியில் வரவாகியிருக்கிறது.

பாஸ் புத்தகத்தில் வட்டி என்று பெயர் போட்டு அச்சான வரிகளை மட்டும் கூட்டினால் ரூ.22,686 வருகிறது. சான்றிதழிலோ ரூ.26,522 என்று இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. "வங்கிக்காரர் அதிகமாகப் போட்டுவிட்டார்" என்று சண்டைக்குப் போகக் கூடாது. "வங்கி கொடுத்தது சரியாகத்தான் இருக்கும்" என்று வாயை மூடிக்கொண்டு வரவும் கூடாது. டெபாசிட் வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 31 என்ற வரப்பு

முதல் டெபாசிட்டுக்குச் சான்றிதழில் ரூ.24,836 என்று இருக்கிறது. பாஸ் புத்தகத்திலோ ரூ.21,000. வித்தியாசம் ரூ.3,836. இது எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 10ஆம் தேதிக்குப் பிறகு அடுத்த வட்டி மே 10ஆம் தேதிதான் கைக்கு வரும். ஆனால் நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதி முடிந்துவிடுகிறது. பிப்ரவரி 10 முதல் மார்ச் 31 வரை 50 நாட்கள். ரூ.4 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ரூ.28,000, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ரூ.76.71. ஐம்பது நாளைக்கு ரூ.3,836. இந்த வட்டி சேர்ந்துவிட்டது, ஆனால் இன்னும் கைக்கு வரவில்லை. மார்ச் 31ஆம் தேதியன்று வங்கி இதையும் சேர்த்துச் சான்றிதழில் போட்டுவிடுகிறது. ஆகவே இந்த வித்தியாசம் பிழை அல்ல.

இந்த ரூ.3,836ஐ அடுத்த ஆண்டு மறந்துவிடக் கூடாது. 2025 மே 10ஆம் தேதி ரூ.7,000 வரும்போது, அதில் ரூ.3,836 முந்தைய ஆண்டிலேயே கணக்கில் ஏறிவிட்டது. புதிய ஆண்டுக்கு உரியது ரூ.3,164 மட்டுமே. இதைக் கழிக்காமல் ரூ.7,000ஐயும் முழுதாகக் காட்டுகிறவர், ஒரே வட்டியை இரண்டு ஆண்டுகளில் காட்டியவர் ஆகிறார்.

கைக்கு வந்த ஆண்டில்தான் வட்டியைக் காட்டுவேன் என்று ஒருவர் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஆண்டுதோறும் அதே முறையைத் தவறாமல் பின்பற்ற வேண்டும். ஓராண்டு அப்படி, ஓராண்டு இப்படி என்று மாற்றக் கூடாது. தவிர, வங்கி தெரிவித்த தொகையோடு ஆண்டுதோறும் வேறுபாடு வந்துகொண்டே இருக்கும். விவசாயிகளுக்குச் சான்றிதழின் முறையையே பின்பற்றுவது தொல்லை குறைந்த வழியாகும்.

ஒரே வரியில் ஒளிந்திருக்கும் வட்டி

இரண்டாவது டெபாசிட்டைத் தேடினால் சான்றிதழில் அது இல்லவே இல்லை! சான்றிதழிலுள்ள ரூ.26,522 என்பது சேமிப்புக் கணக்கு ரூ.1,686ம் முதல் டெபாசிட் ரூ.24,836ம் சேர்ந்த தொகைதான். செப்டம்பரில் முடிந்துபோன டெபாசிட் விடுபட்டுவிட்டது. இதுதான் உண்மையான பிழை.

பாஸ் புத்தகத்தை மேலோட்டமாகப் பார்த்தாலும் இந்தப் பிழை தெரியாது. காரணம், ரூ.2,13,320 வரவான வரியில் வட்டி என்ற சொல்லே இல்லை. அசலும் வட்டியும் ஒன்றாகக் கலந்து முதிர்வுத் தொகை என்று வந்திருக்கிறது. டெபாசிட் ரசீதை எடுத்துப் பார்த்தால்தான் போட்டது ரூ.2 லட்சம், வட்டி ரூ.13,320 என்று பிரிக்க முடியும்.

அப்படியானால் ரூ.13,320ஐயும் இந்த ஆண்டில் சேர்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. இந்த டெபாசிட் இரண்டு நிதியாண்டுகளில் கால் வைத்திருக்கிறது. 2024 மார்ச் 31 வரை சேர்ந்த வட்டி ரூ.7,141 முந்தைய ஆண்டுச் சான்றிதழிலேயே வந்துவிட்டது. அதைக் கழித்தால் இந்த ஆண்டுக்கு உரியது ரூ.6,179.

ஆக, விவசாயி இந்த ஆண்டு காட்ட வேண்டிய சரியான வட்டி ரூ.26,522டன் ரூ.6,179 சேர்த்து ரூ.32,701 ஆகும். சான்றிதழை அப்படியே நம்பியிருந்தால் ரூ.6,179 விடுபட்டிருக்கும். விவரம் பாதி தெரிந்து ரூ.13,320ஐ முழுதாகச் சேர்த்திருந்தால் ரூ.39,842 காட்டி, ரூ.7,141க்கு இரண்டு முறை வரிக் கணக்கில் சிக்கியிருப்பார்.

நினைவில் வைக்க ஒரே விதி

மேற்கண்ட இரண்டு டெபாசிட்டுக்கும் பொருந்தும் விதி ஒன்றே. இந்த ஆண்டில் கைக்கு வந்த வட்டியை எழுதிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து சென்ற ஆண்டுச் சான்றிதழில் ஏற்கெனவே ஏறிய பங்கைக் கழிக்க வேண்டும். இந்த ஆண்டு மார்ச் 31 வரை சேர்ந்து, இன்னும் கைக்கு வராத பங்கைக் கூட்ட வேண்டும். வரும் விடை சான்றிதழில் அந்த டெபாசிட்டுக்கு நேராக உள்ள தொகையாக இருக்க வேண்டும்.

முதல் டெபாசிட்: 21,000 – 0 + 3,836 = 24,836.
இரண்டாவது டெபாசிட்: 13,320 – 7,141 + 0 = 6,179.

ஐந்து பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. நாள் எண்ணும் முறையிலும் பைசாவை ரூபாயாக்கும் முறையிலும் வங்கிக்கு வங்கி சிறு மாறுதல் உண்டு. நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்து, அதற்குக் காரணம் பிடிபடவில்லை என்றால் கேட்க வேண்டும்.

இந்த விதியைப் போட நான்கு தாள்கள் தேவை: இந்த ஆண்டுச் சான்றிதழ், சென்ற ஆண்டுச் சான்றிதழ், டெபாசிட் ரசீதுகள், பாஸ் புத்தகம். ரசீதை வங்கியில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கும்போது அதன் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பாஸ் புத்தகத்தை ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பின்பே அச்சிட வேண்டும். மார்ச் நடுவில் அச்சிட்டால் கடைசிக் காலாண்டு சேமிப்பு வட்டி அதில் இராது.

வரிப் பிடித்தம் செய்யப்படுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரூ.7,000 வட்டிக்குப் பத்து சதவீதம் பிடித்தால், சில வங்கிகளின் பாஸ் புத்தகத்தில் ரூ.6,300 மட்டுமே வரவாக அச்சாகும். வேறு சிலவற்றில் ரூ.7,000 வரவும் ரூ.700 பற்றுமாக இரண்டு வரிகள் வரும். எப்படி வந்தாலும் வட்டி ரூ.7,000தான். பிடித்த ரூ.700 அவர் பெயரில் கட்டப்பட்ட வரி. அது வரித் துறையின் இணையதளத்தில் அவருடைய பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பான் எண் கொடுக்காதவருக்குப் பிடித்தம் இருபது சதவீதமாகிவிடும்.

ஏன் விடுபடுகிறது?

வட்டிச் சான்றிதழ் வாடிக்கையாளர் எண் என்ற ஒன்றை வைத்துத் தயாராகிறது. அந்த எண்ணின் கீழ் உள்ள கணக்குகள் மட்டுமே அதில் வரும். ஒருவருக்கு ஒரே வங்கியில் இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருந்தால் ஒன்றின் கீழ் உள்ளது மற்றதில் வராது. பல ஆண்டுகளுக்கு முன் பான் எண் இல்லாமல் தொடங்கிய கணக்கும், பிறகு தொடங்கிய கணக்கும் இப்படிப் பிரிந்து கிடக்கக்கூடும். 2020 ஏப்ரல் முதல் தேதியில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. இணைந்த வங்கிகள் இரண்டிலும் முன்பு கணக்கு வைத்திருந்தவர், தம் பெயரில் இரண்டு எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இன்னொரு காரணம், நடப்பிலுள்ள கணக்குகளை மட்டும் எடுத்துச் சான்றிதழ் அச்சிடுவது. ஆண்டின் நடுவில் முடிந்த டெபாசிட் அப்போது விடுபடும். மேலே சொன்ன விவசாயிக்கு நேர்ந்தது இதுதான்.

மூன்றாவது காரணம், கணவன் மனைவி இருவர் பெயரிலும் போட்ட டெபாசிட். யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவருடைய பான் எண்ணில்தான் வங்கி வட்டியைத் தெரிவிக்கிறது. ரசீதில் மனைவியின் பெயர் முதலில் இருந்தால், கணவர் சான்றிதழில் அதைத் தேடிப் பயனில்லை. அது விடுபட்டது ஆகாது. வேறு இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

எப்படிக் கேட்பது?

வாய்மொழியாகக் கேட்டால் மறுபடியும் அதே தாளையே அச்சிட்டுக் கொடுத்துவிடக்கூடும். ஒரு வெள்ளைத் தாளில் டெபாசிட் எண், போட்ட தேதி, முடிந்த தேதி, பாஸ் புத்தகத்தில் வரவான தேதி, தொகை ஆகியவற்றை எழுதி, "இந்த டெபாசிட்டின் வட்டி சான்றிதழில் இல்லை, முடிந்த கணக்குகளையும் சேர்த்துத் திருத்திய சான்றிதழ் வேண்டும்" என்று கேட்க வேண்டும். நகலில் தேதியிட்ட முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் எண் இரண்டு இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கித் தரும்படியும் எழுத வேண்டும்.

வட்டித் தொகை மட்டும் விடுபட்டிருந்தால் கிளையிலேயே திருத்தம் எளிதில் முடியும். பிடித்த வரி தவறான பான் எண்ணுக்குப் போயிருந்தால், வங்கி தான் வரித் துறைக்கு முன்பு அனுப்பிய கணக்கையே திருத்தி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் இதைத் தொடங்குவது பயனற்றது. ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும். வரித் துறையின் தகவல் அறிக்கையிலேயே தவறு இருந்தால், அதே இணையதளத்தில் அந்த வரிக்கு நேரே மறுப்பைப் பதிவு செய்யவும் வழி உண்டு.

வங்கிகள் செய்ய வேண்டியது

பொறுப்பு முழுவதையும் விவசாயியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. மொத்தத் தொகை ஒன்றை மட்டும் அச்சிட்டு முத்திரை குத்திக் கொடுக்கும் சான்றிதழை யாராலும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு டெபாசிட்டையும் தனி வரியில் காட்டி, கைக்குக் கொடுத்த வட்டி இவ்வளவு, மார்ச் 31 வரை சேர்ந்தது இவ்வளவு, சென்ற ஆண்டே காட்டியது இவ்வளவு என்று மூன்று கட்டங்களில் பிரித்துத் தர வேண்டும். ஆண்டின் நடுவில் முடிந்த டெபாசிட்டுகளையும் தாமாகவே சேர்க்க வேண்டும். இந்த விவரங்கள் எல்லாம் வங்கியின் கணினியில் ஏற்கெனவே உள்ளவைதான்; புதிதாகத் தேட வேண்டியதில்லை. முதிர்வுத் தொகையைப் பாஸ் புத்தகத்தில் ஒரே வரியாகப் போடாமல் அசல் ஒரு வரி, வட்டி ஒரு வரி என்று அச்சிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஊரிலுள்ள கூட்டுறவுக் கடன் சங்கங்களும் கேட்டால்தான் எழுதித் தருவது என்ற வழக்கத்தை விட்டு, ஏப்ரலில் டெபாசிட்தாரர் அனைவருக்கும் இத்தகைய தாளைக் கொடுக்க முன்வர வேண்டும்.

அதுவரை, டெபாசிட் ஒன்றுக்கு ஒரு பக்கம் என்று ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது. போட்ட தேதி, தொகை, வட்டி விகிதம், வாடிக்கையாளர் எண், முதல் பெயர் யாருடையது என்பதை மேலே எழுதி, கீழே ஒவ்வோர் ஆண்டும் சான்றிதழில் வந்த வட்டியை எழுதி வர வேண்டும். டெபாசிட் முடியும்போது அந்தப் பக்கத்திலுள்ள ஆண்டு வட்டிகளைக் கூட்டினால், மொத்த வட்டி எவ்வளவோ அவ்வளவே வர வேண்டும். குறைந்தால் ஏதோ ஓராண்டில் விடுபட்டிருக்கிறது. கூடினால் ஏதோ ஒன்று இருமுறை ஏறியிருக்கிறது. எந்த ஆண்டில் என்பதையும் அதே பக்கம் காட்டிவிடும்.